பழைய ஓட்டைகளை அடைத்த மாதத்தில்தான் ரிப்போர்ட் படு மோசம்: எம்டிக்கு இதை எப்படிக் காட்டுவது?

வடவள்ளி_சிஸ்டம் (இழையைத் தொடங்கியவர்)

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலைக் குழுமத்தில் ஐடி பாதுகாப்பைப் பார்க்கிறேன். நானும் ஒரு ஜூனியர் பையனும், இரண்டே பேர். மாதா மாதம் 5-ஆம் தேதி எம்டிக்கும் ஃபைனான்ஸ் ஹெட்டுக்கும் ஒரு பக்க ரிப்போர்ட் போக வேண்டும். தாக்குதலைக் கண்டுபிடிக்க எடுத்த சராசரி நேரம், அதைக் கையாண்டு முடிக்க எடுத்த சராசரி நேரம், சாஃப்ட்வேரில் ஓட்டை தெரிந்த நாளிலிருந்து அதை அடைக்கும் பேட்ச் போட எடுத்த சராசரி நாள், இந்த மூன்றும்தான் அதில் முக்கியம். கடைசியில் பேட்ச் சதவீதம் ஒன்று.

செப்டம்பரில் பேட்ச் சராசரி 18 நாள் என்று போயிற்று. யாரும் வாயைத் திறக்கவில்லை. அக்டோபரில் தீபாவளிக்கு மில் நின்ற சமயம் பார்த்து, மாதக்கணக்கில் "இப்ப வேண்டாம், புரொடக்ஷன் ஓடுது" என்று தள்ளிப்போட்டிருந்த 10 ஓட்டைகளை நாங்கள் இருவரும் உட்கார்ந்து அடைத்தோம். ஒவ்வொன்றும் சுமார் 150 நாள் பழசு. வழக்கம்போல அடைத்த 20 தனி, அவை எப்போதும் போல 18 நாள் சராசரியில். கணக்குப் போட்டால் இப்படி வருகிறது:

```
(20 × 18 + 10 × 150) / 30 = 62 நாள்
```

எம்டி கேட்டார்: "போன மாசம் 18, இந்த மாசம் 62. மூணு மடங்கு மெதுவாயிட்டீங்களா?" தீபாவளி அன்றைக்கும் சர்வர் ரூமில் இருந்த ஜூனியர் பையன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

கண்டுபிடிக்கும் நேரமும் இதே கதைதான். அக்டோபரில் 6 சம்பவம். எடுத்த நேரம்: 5 மணி 42 நிமிடம், 5 மணி 50 நிமிடம், 6 மணி 5 நிமிடம், 6 மணி 20 நிமிடம், 8 மணி 30 நிமிடம், கடைசியாக 41 நாள். சராசரி 7 நாள் என்று வந்தது. செப்டம்பரில் 7 மணி நேரம் என்று காட்டியிருந்தேன். அடுத்த ரிப்போர்ட்டை எந்த மாதிரி வைத்தால் உண்மையும் போகும், மானமும் போகாது?

கணக்குப்பிள்ளை

சராசரி எடுத்ததுதான் பிரச்சினை. இடைநிலை எடுங்கள், வேலை முடிந்தது. ஆறு சம்பவத்தையும் வரிசையாக வைத்து நடுவில் இருப்பதைப் பார்த்தால் 6 மணி 12 நிமிடம் வரும். பேட்சுக்கும் அப்படியே, 20 நாளைச் சுற்றித்தான் நிற்கும். துறையில் பெரிய ஆட்களும் இதைத்தான் செய்கிறார்கள். மேண்டியன்ட் என்ற பாதுகாப்புக் கம்பெனியின் ஆண்டறிக்கையில், ஊடுருவியவன் கண்ணில் படாமல் உள்ளே இருந்த நாட்களை இடைநிலையாகத்தான் போடுகிறார்கள். 2011-இல் 416 நாள் இருந்தது, 2023-இல் 10 நாளுக்கு வந்தது. எக்செல்லில் `AVERAGE` இருக்கும் இடத்தில் `MEDIAN` என்று மாற்றுங்கள், அவ்வளவுதான்.

இரவுப்பணி

கணக்குப்பிள்ளை சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் வடவள்ளி சாருக்கு ஒரு கேள்வி. உங்கள் ஆறு நேரங்களையும் மறுபடி பாருங்கள். ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே ஒன்றுகூட இல்லையே, உறுத்தவில்லையா?

பதினோரு வருடம் சாக்கில், அதாவது பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில், ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவள் நான். இந்த நோயை நாலு இடத்தில் பார்த்திருக்கிறேன். லாக்கில் நேரம் உலகப் பொது நேரமான யூடிசியில் இருக்கும். டிக்கெட் சாஃப்ட்வேரில் இந்திய நேரம் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஐந்தரை மணி நேரம் சும்மா ஏறிவிடும். எங்கேயாவது டிக்கெட் யூடிசியிலும் லாக் நம் நேரத்திலும் இருந்தால் மைனஸில் விடை வரும், அப்போது உடனே தெரிந்துவிடும். உங்கள் மாதிரி பிளஸ்ஸில் வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது, வருடக்கணக்கில் ஓடும். ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து, லாக்கையும் டிக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

செயலி_செல்வம்

நண்பரே, இதில் குழம்ப என்ன இருக்கிறது? ரெஸ்பான்ஸ் டைம் 6 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-லேயே சொல்லிவிட்டது. அதைத் தாண்டினால் சட்டச் சிக்கல். ரிப்போர்ட்டில் 6 மணி நேரத்துக்குள் பச்சை, அதற்கு மேல் சிவப்பு என்று போட்டு அனுப்புங்கள்.

இரவுப்பணி

செல்வம், நீங்கள் சொல்வது வேறு கடிகாரம். 2022 ஏப்ரல் 28 அன்று வந்த அந்த உத்தரவு, சம்பவம் உங்கள் கவனத்துக்கு வந்து 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. அதற்குள் சரிசெய்து முடி என்று சொல்லவில்லை. தெரிவித்தோமா இல்லையா என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி தனியாகப் போடலாம். அதைக் கையாளும் நேரத்தோடு கலந்தால் இரண்டுமே கெட்டுப்போகும்.

அதே உத்தரவில்தான் எல்லாக் கருவிகளின் கடிகாரத்தையும் அரசின் நேர சர்வரோடோ அதைச் சார்ந்த சர்வரோடோ ஒத்துப்போக வைக்கச் சொல்லியிருக்கிறது. லாக்கை 180 நாள் வைத்திருக்கச் சொன்னதும் அதில்தான். இந்த இழைக்கு உண்மையில் அவசியமானது அந்த இரண்டும்.

வடவள்ளி_சிஸ்டம்

மேடம், தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்போதுதான் பார்த்தேன். முதல் சம்பவத்துக்கு லாக்கில் 04:16, டிக்கெட்டில் 09:58. கழித்தால் 5 மணி 42 நிமிடம். ஆனால் 04:16 யூடிசி என்றால் நம் நேரம் 09:46. ஆக உண்மையில் 12 நிமிடம்! மற்றவையும் அப்படியே: 20, 35, 50 நிமிடம், 3 மணி நேரம். ஒரு வருடமாக எம்டிக்குத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். நல்ல வேளை, நம்மை நாமே குறைத்துச் சொன்ன தப்பு.

41 நாள் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அதில் ஐந்தரை மணி நேரம் போனால் என்ன, வந்தால் என்ன.

கணக்குப்பிள்ளை

பார்த்தீர்களா, இப்போது இடைநிலை 42 நிமிடத்துக்கு வந்துவிட்டது. பெருமையாகப் போடுங்கள்.

இரவுப்பணி

அங்கேதான் நான் சொன்ன மீதிப் பாதி வருகிறது. 42 நிமிடம் என்று போட்டால் அந்த 41 நாள் எங்கே போயிற்று? எம்டி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். அந்த மாதத்தில் அவர் தெரிந்துகொண்டே ஆக வேண்டிய ஒரே சம்பவம் அதுதான். மேண்டியன்ட்டுக்கு உலகம் பூராவும் இருந்து சம்பவங்கள் வருகின்றன, இடைநிலை எடுத்தால் அதற்கு அர்த்தம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது ஆறு. ஆறுக்குச் சராசரியும் வேண்டாம், இடைநிலையும் வேண்டாம். ஆறு வரி எழுதுங்கள். சம்பவம் என்ன, எத்தனை நேரத்தில் தெரிந்தது, யார் மூலம் தெரிந்தது. அந்த மூன்றாவதுதான் பலர் விட்டுவிடுவது.

41 நாள் சம்பவம் என்ன என்று சொல்ல முடியுமா? பெயர், ஊர் எதுவும் வேண்டாம்.

வடவள்ளி_சிஸ்டம்

அக்கவுண்ட்ஸ் மெயில்பாக்ஸ். எவனோ உள்ளே புகுந்து ஒரு ரூல் போட்டிருக்கிறான். குறிப்பிட்ட மூன்று கஸ்டமரிடமிருந்து மெயில் வந்தால் உடனே படித்ததாகக் குறித்து `RSS Feeds` ஃபோல்டருக்குள் தள்ளிவிடும். அந்த ஃபோல்டரை எங்கள் ஆபீஸில் யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? பின்னாலிருந்து அவன் கஸ்டமருக்கு மெயில் போடுகிறான், "எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது" என்று. திருப்பூர் பார்ட்டி ஒருவர் சந்தேகப்பட்டு ஃபோன் செய்து, "என்னங்க, புது அக்கவுண்ட் நம்பர் அனுப்பியிருக்கீங்க, பழைய பேங்க்ல ஏதும் தகராறா?" என்று கேட்டார். அவர் கேட்டதால் பணம் தப்பித்தது. ஆடிட் லாக்கில் `New-InboxRule` என்ற பதிவின் தேதியிலிருந்து எண்ணினால் 41 நாள்.

இரவுப்பணி

ஆக உங்கள் டூல் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. கஸ்டமர்தான் கண்டுபிடித்தார். ஐந்து அலர்ட் 12 நிமிடத்திலிருந்து 3 மணி நேரத்துக்குள், ஆறாவது வெளியாள் சொல்லி 41 நாளில். இதை ஏழு நாள் சராசரி என்று சொன்னாலும் பொய், 42 நிமிடம் என்று சொன்னாலும் பொய். "மெயில்பாக்ஸ் ரூலைக் கண்காணிக்க நம்மிடம் எதுவும் இல்லை" என்று ஒரு வரி எழுதினால் அதுதான் மெய். அடுத்த மாதம் அதற்கு ஒரு அலர்ட் போட்டோமா என்பதுதான் முன்னேற்றம்.

இன்னொன்று. 41 என்பது ரூல் போட்ட நாளிலிருந்து. அவன் உள்ளே வந்தது எப்போது? அதே ஆடிட் லாக்கில் `UserLoggedIn` பதிவுகளில் பழக்கமில்லாத ஐபி முதன்முதலில் எப்போது வருகிறது என்று தேடுங்கள். லாக் இருக்கும் வரைக்கும்தான் பின்னால் போக முடியும். 30 நாள் லாக் மட்டும் வைத்திருக்கும் கம்பெனியில் எந்தச் சம்பவமும் 30 நாளைத் தாண்டவே தாண்டாது. பார்க்க அழகாக இருக்கும்.

வடவள்ளி_சிஸ்டம்

பார்த்தேன். ரூலுக்கு 3 நாள் முன்னாடியே ஒரு வெளிநாட்டு ஐபியிலிருந்து லாகின் இருக்கிறது. ஆக 44 நாள். தோண்டத் தோண்ட ரிப்போர்ட் இன்னும் மோசமாகிக்கொண்டே போகிறது மேடம் :)

இரவுப்பணி

உங்கள் தலைப்பே அதுதானே. ஒழுங்காகத் தேடுகிறவனுடைய கண்டுபிடிக்கும் நேரம் ஏறும். தேடாதவனுக்கு அந்த 44 நாள் கணக்கிலேயே வராது, அவனுடைய எண் பளபளவென்று இருக்கும். அதனால்தான் மாதத்துக்கு மாதம் அந்த எண்ணை வைத்து யாரையும் பாராட்டவோ திட்டவோ கூடாது என்கிறேன்.

பழைய_ஃபைனான்ஸ்

தம்பி வடவள்ளிக்கு. நான் ஐடி ஆள் இல்லை. முப்பது வருடம் மில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவன், மகன் இந்தத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், நானும் எட்டிப் பார்த்தேன். உங்கள் எம்டி இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆட்களோடுதான் காலம் பூராவும் வேலை பார்த்தேன்.

உங்கள் 62 நாள் பிரச்சினையை நாங்கள் எப்போதோ தீர்த்துவிட்டோம். பார்ட்டி பாக்கியை எப்படிக் காட்டுவோம்? இந்த மாதம் வசூலான பில்லை மட்டும் எடுத்து, எத்தனை நாளில் வசூலாயிற்று என்று சராசரி போட மாட்டோம். போட்டால் என்ன ஆகும்? ஐந்து மாதமாக இழுத்தடித்த பார்ட்டி ஒருநாள் பணம் கட்டினால் அந்த மாதச் சராசரி எகிறும். கட்டாமலே விட்டால் சராசரி ஜோராக இருக்கும். வராத கடன் கணக்கிலேயே வராது. உங்கள் பேட்ச் கணக்கும் அதேதானே? அடைக்காமல் விட்ட ஓட்டைக்கு உங்கள் சராசரியில் இடமே இல்லை.

நாங்கள் கொடுப்பது ஏஜிங். மாதக் கடைசி அன்று நிலுவையில் இருப்பது மட்டும்: 30 நாளுக்குள் எவ்வளவு, 31-60 எவ்வளவு, 61-90 எவ்வளவு, 90-க்கு மேல் எவ்வளவு. உங்கள் ஃபைனான்ஸ் ஹெட் தினம் அதைத்தான் பார்க்கிறார். அதே மாதிரி கட்டம் போட்டுக் கொடுங்கள். ஒரு வார்த்தை விளக்க வேண்டியிருக்காது. கண் நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போகும்.

இரவுப்பணி

ஐயா, எழுந்து நின்று கைதட்டுகிறேன். நான் இதை வளைத்து வளைத்துச் சொல்ல நினைத்தேன், நீங்கள் ஒரே அடியில் சொல்லிவிட்டீர்கள்.

வடவள்ளி_சிஸ்டம்

ஐயா, இப்போதே போட்டுப் பார்த்தேன். சர்வர்களில், உயர் ஆபத்துப் பிரிவு மட்டும்:

| நிலுவை வயது | செப்டம்பர் 30 | அக்டோபர் 31 |
|---|---|---|
| 30 நாளுக்குள் | 16 | 15 |
| 31-60 | 3 | 4 |
| 61-90 | 0 | 1 |
| 90-க்கு மேல் | 14 | 4 |
| மொத்தம் | 33 | 24 |

அக்டோபரில் புதிதாக வந்தது 21, அடைத்தது 30. அதே மாதம், அதே வேலை! 18-லிருந்து 62 ஆன கதையை இந்தக் கட்டத்தில் பார்த்தால் 14-லிருந்து 4 ஆகியிருக்கிறது.

ஒரு சந்தேகம். செப்டம்பர் 30 நிலவரத்தை இன்றைக்கு எடுத்தால் முதலில் 90-க்கு மேல் 4 என்றுதான் வந்தது. அப்புறம் கையால் எண்ணி 14 ஆக்கினேன். ஏன்?

இரவுப்பணி

இன்றைக்குத் திறந்திருப்பதை மட்டும் எண்ணியிருப்பீர்கள். செப்டம்பர் 30 அன்று திறந்திருந்து அக்டோபரில் அடைத்த பத்தும் விட்டுப்போயிருக்கும். அன்றைய தேதிக்கு அன்று எது நிலுவை என்பதுதான் கணக்கு. C-இல் முதலில் தெரிந்த தேதி, D-இல் அடைத்த தேதி, H1-இல் மாதக் கடைசி தேதி இருந்தால், 90-க்கு மேல் இருப்பவை:

```
=COUNTIFS(C:C,"<"&H1-90,D:D,"")
+COUNTIFS(C:C,"<"&H1-90,D:D,">"&H1)
```

முதல் வரி இன்னும் அடைக்காதவை. இரண்டாவது, அந்தத் தேதிக்கு அப்புறம் அடைத்தவை. ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனர் மறுபடி நிறுவப்பட்டாலோ கம்ப்யூட்டர் பெயர் மாறினாலோ 'முதலில் தெரிந்த தேதி' புதுசாகிவிடும், 150 நாள் ஓட்டை ஒரே ராத்திரியில் கைக்குழந்தையாகும். அதனால் மாதக் கடைசியில் பட்டியலை ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள், போன மாதத்தோடு ஒப்பிட.

ஆஸ்பத்திரி_சிஸ்டம்

நல்ல இழை, ஆனால் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டீர்கள். நான் பார்ப்பது ஒரு தனியார் மருத்துவமனை. ஸ்கேன் மெஷினோடு வந்த விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள் ஏழு இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே அதைக் கைவிட்டுவிட்டது. நான் கை வைத்தால் மெஷின் கம்பெனிக்காரர் வாரண்டி போய்விடும் என்கிறார். அவர்களும் பேட்ச் தருவதில்லை, புது மெஷினுக்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும்.

ஏஜிங் போட்டால் 90-க்கு மேல் கட்டத்தில் இந்த ஏழும் அவற்றின் ஓட்டைகளும் ஆயுசுக்கும் உட்கார்ந்திருக்கும். மூன்று மாதம் சிவப்பாகக் காட்டினேன். நாலாவது மாதம் சீஃப் டாக்டர் பார்ப்பதையே விட்டுவிட்டார். அதே சிவப்புக்குள் உண்மையாகவே அடைக்க வேண்டிய இரண்டு சர்வர் ஒளிந்துகொண்டது. இதற்கு என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை

விதிவிலக்கு என்று கையெழுத்து வாங்கிக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பேட்சே இல்லாத மெஷினைப் பேட்ச் கணக்கில் வைப்பது நியாயமில்லை.

பழைய_ஃபைனான்ஸ்

எடுக்கக் கூடாது தம்பி. வராக்கடனுக்கு ஒதுக்கீடு வைத்தாலும் பார்ட்டி பெயரை லெட்ஜரிலிருந்து அடிக்க மாட்டோம். தனி வரியாக, கீழே காட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை

ஐயா, தனி வரி என்றாலும் மூன்று மாதத்தில் அதுவும் வால்பேப்பர் ஆகிவிடும். அவர் சொன்னது அதைத்தானே.

இரவுப்பணி

நான் தனி வரியாகத்தான் வைத்தேன், ஆனால் ஒவ்வொரு விதிவிலக்குக்கும் கெடு தேதி போட்டு. ஆறு மாதத்துக்கு மேல் கொடுப்பதில்லை, கெடு முடிந்தால் தானாக மேல் கட்டத்துக்கு ஏறிவிடும், கையெழுத்துப் போட்டவரே மறுபடி போட வேண்டும். கூடவே அந்த மெஷினை நெட்வொர்க்கில் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறோமா என்று ஒரு சொல். அப்படியும் ஒரு டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

ரேக்_ராணி

எல்லோரும் நிலுவையைப் பற்றியே பேசுகிறீர்கள். பட்டியலிலேயே இல்லாத ஓட்டையை யார் எண்ணுவது?

2017-இல் அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் நடந்தது இதுதான். இணையதளம் கட்டப் பயன்படும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸில் CVE-2017-5638 ஓட்டைக்கு மார்ச் தொடக்கத்திலேயே பேட்ச் வந்துவிட்டது. உள்ளே நானூறு பேருக்கு மேல் மெயில் போயிற்று, 48 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று விதியும் இருந்தது. ஒரு வாரத்துக்குள் ஸ்கேனும் ஓட்டினார்கள். ஸ்கேன் எதையும் காட்டவில்லை. வாடிக்கையாளர் புகார் கொடுக்கும் இணையதளத்தில் அந்த ஓட்டை அப்படியே இருந்தது. மே மாதம் புகுந்தவர்கள் ஜூலை கடைசி வரை, 76 நாள் உள்ளே இருந்தார்கள். அந்த மார்ச்சில் மாத ரிப்போர்ட் போட்டிருந்தால் பச்சையாகத்தானே வந்திருக்கும்?

கண்டுபிடித்த விதமும் உங்கள் இழைக்குப் பொருத்தம். நெட்வொர்க் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் கருவியின் சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்தது, அதனால் அது குருடாக இருந்தது. ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்ததும் சந்தேகமான போக்குவரத்து கண்ணில் பட்டுவிட்டது.

வடவள்ளி, உங்கள் பேட்ச் சதவீதம் எவ்வளவு? எதன் மேல் சதவீதம்?

வடவள்ளி_சிஸ்டம்

97 சதவீதம் என்று போட்டிருந்தேன். ஸ்கேனர் பார்த்த 1,180 கம்ப்யூட்டரில் 1,145-இல் எல்லா பேட்சும் இருக்கிறது.

ரேக்_ராணி

டொமைனில் எத்தனை கம்ப்யூட்டர் பதிவு?

வடவள்ளி_சிஸ்டம்

1,310. அதில் 130 ஸ்கேனர் பட்டியலில் இல்லை. ஆக 1,145-ஐ 1,310-ஆல் வகுத்தால் 87 சதவீதம். சரி, இன்னொரு அடி.

ஜூனியர் பையனை அனுப்பி அந்த 130-இல் நாற்பதைத் தேடச் சொன்னேன். பாதிக்கு மேல் செத்துப்போன கம்ப்யூட்டர்கள், டொமைனிலிருந்து பெயரை நீக்கவே இல்லை. உயிரோடு இருப்பவற்றில் எடைமேடையில் இருக்கும் கம்ப்யூட்டர் ஒன்று. அதன் மானிட்டர் மேல் பஞ்சு படிந்து கறுப்பாகியிருந்தது, கடைசியாக எப்போது அப்டேட் ஆனதோ தெரியாது. ஆனால் ஈஆர்பியில் லாகின் ஆகி ஓடிக்கொண்டிருக்கிறது!

ரேக்_ராணி

அப்போது 87-ம் சரியில்லை, செத்ததைக் கழித்தால் கொஞ்சம் ஏறும். எண்ணை விடுங்கள். "ஸ்கேனர் பார்க்காதவை: 130, அதில் சரிபார்த்தவை: 40" என்று ஒரு வரி போடுங்கள். அந்த 130 குறைகிறதா என்பதை மாதா மாதம் பார்க்கலாம். ரீபூட் பாக்கி உள்ளவற்றையும் பேட்ச் ஆனதாக எண்ணாதீர்கள், பேட்ச் நிறுவியாகிவிட்டது என்று கன்சோல் சொல்லும், ரீபூட் ஆகும் வரை பழைய கோப்புதான் ஓடிக்கொண்டிருக்கும்.

செயலி_செல்வம்

என் முதல் பதிலுக்கு மன்னிக்கவும், அவசரத்தில் படித்துவிட்டேன். ஆனால் ரெஸ்பான்ஸ் டைம் பற்றி யாரும் பேசவே இல்லையே? அதுவும் கேள்வியில் இருந்தது.

வடவள்ளி_சிஸ்டம்

ஆமாம், நானே மறந்துவிட்டேன். மெயில்பாக்ஸ் சம்பவத்துக்கு 9 நாள் என்று போட்டேன். டிக்கெட் திறந்ததிலிருந்து மூடியது வரை. பேங்குக்குக் கடிதம், கஸ்டமர்களுக்கு எச்சரிக்கை எல்லாம் முடிய அத்தனை நாள். ஆனால் திருப்பூர் பார்ட்டி ஃபோன் செய்தது காலை 10:10, பாஸ்வேர்டை 10:40-க்கே மாற்றிவிட்டோம். அப்படியானால் 30 நிமிடம் என்று போடலாமா?

இரவுப்பணி

ரூலை எப்போது நீக்கினீர்கள்?

வடவள்ளி_சிஸ்டம்

மறுநாள் 11 மணிக்குத்தான் அது இருப்பதே தெரிந்தது.

இரவுப்பணி

பாஸ்வேர்டு மாற்றினால் ரூல் போகாது. மறுநாள் 11 மணி வரை கஸ்டமர் மெயில் அந்த ஃபோல்டருக்குள்தான் விழுந்துகொண்டிருந்தது. அந்த மூன்று கஸ்டமரில் ஒருவர் அன்று மதியம் "பணம் அனுப்பட்டுமா" என்று கேட்டிருந்தாலும் உங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்காது. ஆக கட்டுப்படுத்திய நேரம் 25 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 30 நிமிடமும் இல்லை, 9 நாளும் இல்லை. தீங்கு எப்போது நின்றது என்பதுதான் நான் எண்ணுவது. டிக்கெட் மூடிய நேரத்தை வைத்தால், எண் அழகாக இருக்க வேண்டும் என்று விசாரிக்காமலே டிக்கெட்டை மூடும் பழக்கம் வரும். என் ஷிஃப்டில் அதை நானே செய்திருக்கிறேன், மாதக் கடைசி வாரத்தில்.

வடவள்ளி_சிஸ்டம் (ஒரு வாரம் கழித்து)

ரிப்போர்ட்டை மாற்றி அனுப்பினேன். மேலே ஏஜிங் கட்டம். நடுவில் ஆறு சம்பவம், ஆறு வரி: எத்தனை நேரத்தில் தெரிந்தது, யார் சொன்னது, தீங்கு எப்போது நின்றது. கீழே ஸ்கேனர் பார்க்காதவை 130. போன வருட எண்களில் ஐந்தரை மணி நேரத் தப்பு இருந்ததையும் ஒரு வரியில் எழுதிவிட்டேன், கை நடுங்கியது.

ஃபைனான்ஸ் ஹெட் கட்டத்தைப் பார்த்ததும், "இது நம்ம டெப்டார்ஸ் லிஸ்ட் மாதிரியே இருக்கு" என்றார். எம்டி பத்து நொடி பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "90-க்கு மேல நாலு இருக்கே, அது எந்தெந்த சர்வர்? யார் தடுக்கறா?" மூன்று சாயப்பட்டறை சர்வர், ஒன்று சம்பள சர்வர் என்றேன். சாயப்பட்டறை மேனேஜரை அங்கேயே ஃபோனில் கூப்பிட்டுவிட்டார். அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை.

44 நாள் வரியைப் பற்றி எம்டி எதுவுமே கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது.

பழைய_ஃபைனான்ஸ்

அடுத்த மாதமும் அந்த வரியை விடாதீர்கள். திருப்பூர் பார்ட்டி அனுப்ப இருந்த தொகையைப் பக்கத்தில் எழுதுங்கள், கேட்பார்.

ஆஸ்பத்திரி_சிஸ்டம்

இரவுப்பணி மேடம், அந்த ஆறு மாதக் கெடு விதிவிலக்குப் படிவம் உங்களிடம் மாதிரி ஏதும் இருந்தால் இங்கே போட முடியுமா? எங்கள் சீஃப் டாக்டர் கையெழுத்துப் போடுவாரா என்று மட்டும் தெரியவில்லை.